‘அப்பவே தெரியும்’ என்று சொல்லும் முன்: மீளாய்வுக் கூட்டத்துக்கு வரும் ஆசிரியர்களுக்கு

பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் எடுக்கும் நண்பர்களுக்கு,

தேர்வு முடிவு வந்த மறுவாரம் எல்லாப் பள்ளியிலும் ஒரு கூட்டம் நடக்கும். தலைமை ஆசிரியர் நடுவில் உட்கார்ந்திருப்பார். மேசையில் பாடவாரியாகத் தேர்ச்சி விழுக்காடு, அதன் பக்கத்தில் தேறாதவர்களின் பட்டியல். ஒவ்வொரு பெயராக வாசிக்க, அந்தந்தப் பாட ஆசிரியர் எழுந்து காரணம் சொல்ல வேண்டும். படிவத்தில் ‘தேர்ச்சி பெறாமைக்கான காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். இந்த மடல் அந்தக் கட்டத்தைப் பற்றியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் எடுத்துக்கொண்டு நானும் அதை நிரப்பி வந்திருக்கிறேன். பெரும்பாலான வருடங்களில் தவறாகத்தான் நிரப்பியிருக்கிறேன் என்று இப்போது நினைக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். என் வகுப்பில் ஒரு பையன் கணிதத்தில் 32 வாங்கித் தேறாமல் போனான். அப்பா லாரி ஓட்டுநர், வீட்டில் அம்மா மட்டும். கூட்டத்தில் அவன் பெயரை வாசித்ததும் வேதியியல் ஆசிரியர் முந்திக்கொண்டார். “அவனா? அவன் தேற மாட்டான்னு எனக்கு அரையாண்டுலயே தெரியும்.” தமிழாசிரியை, “எப்பப் பார்த்தாலும் போனும் கையுமா இருப்பான்” என்றார். நானும் தலையாட்டினேன். “ஆமா சார், எதிர்பார்த்ததுதான்” என்று சொல்லி, கட்டத்தில் ‘தொடர் வருகையின்மை, கவனக்குறைவு’ என்று எழுதினேன். அப்போது அதை நான் மனதாரத்தான் சொன்னேன், பொய் சொல்கிறோம் என்ற உணர்வே இல்லை. எனக்கு முன்பே தெரிந்திருந்தது என்றுதான் நம்பினேன்.

அன்று மாலை வேறொரு வேலைக்காக என் மதிப்பெண் குறிப்பேட்டைப் புரட்டியபோது அவன் வரிசை கண்ணில் பட்டது. முதல் திருப்புதலில் 28, இரண்டாவதில் 34, மூன்றாவதில் 41. பெயரைச் சுற்றி நான் போட்டிருந்த சிவப்பு வட்டம், மெல்லக் கற்போர் பட்டியலுக்கான அடையாளம், மூன்றாம் திருப்புதலுக்குப் பின் அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் என் கையெழுத்தில் ‘சரி, நீக்கலாம்’ என்ற இரண்டு சொற்கள். பிப்ரவரியில் அவன் தேறிவிடுவான் என்று நம்பி, மாலை வகுப்பிலிருந்து அவனை விடுவித்தவன் நான். மே மாதம், ‘எதிர்பார்த்ததுதான்’ என்று சொன்னவனும் நானேதான். இடையில் மூன்று மாதம்தான். அந்தக் குறிப்பேடு இல்லையென்றால் பிப்ரவரியில் நான் நினைத்தது எனக்கே தெரியாமல் போயிருக்கும்.

உளவியலில் இதைப் பின்னோக்குச் சார்பு என்கிறார்கள். இதை முதலில் சோதித்துக் காட்டியவர் பரூக் ஃபிஷ்ஹாஃப், அப்போது ஜெருசலேம் ஹீப்ரூ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர். 1975இல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. 1814இல் பிரிட்டிஷாருக்கும் நேபாளத்தின் கூர்க்காக்களுக்கும் நடந்த போரைப் பற்றி ஒரு சிறு பத்தியைப் படிக்கக் கொடுத்தார். இரு தரப்பின் பலமும் பலவீனமும் அதில் இருந்தன. ஆனால் படித்தவர்களுக்கு அந்தப் போர் எப்படி முடிந்தது என்று தெரியாது. பிரிட்டிஷார் வென்றிருக்கலாம், கூர்க்காக்கள் வென்றிருக்கலாம், இழுபறியாகி உடன்படிக்கை ஆகியிருக்கலாம், உடன்படிக்கை இல்லாமலே இழுபறியில் நின்றிருக்கலாம். ஒரு குழுவுக்குப் பத்தி மட்டும் கொடுக்கப்பட்டது. மற்ற நான்கு குழுக்களுக்கும் பத்தியின் முடிவில் ஒரு வரி சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு முடிவு, அதுதான் உண்மையில் நடந்தது என்று. பிறகு எல்லோரிடமும் ஒரே கேள்வி: இந்தப் பத்தியில் உள்ளதை வைத்துப் பார்த்தால், நான்கு முடிவுகளில் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு இருந்தது?

முடிவு சொல்லப்படாதவர்கள் பிரிட்டிஷ் வெற்றிக்குச் சராசரியாகச் சுமார் 34 விழுக்காடு கொடுத்தார்கள். பிரிட்டிஷார் வென்றார்கள் என்று சொல்லப்பட்டவர்கள் சுமார் 57 கொடுத்தார்கள். கூர்க்காக்கள் வென்றார்கள் என்று கேட்டவர்களோ கூர்க்கா வெற்றிக்குத்தான் கூடுதல் வாய்ப்புக் கொடுத்தார்கள். பத்தி எல்லோருக்கும் ஒன்றுதான், மாறியது கடைசி வரி மட்டும். இன்னொரு சோதனையில், முடிவு தெரியாததுபோல் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள் என்று தெளிவாகக் கேட்டும் பார்த்தார். அப்போதும் எண்கள் இறங்கவில்லை. தெரிந்துகொண்டதை ஒதுக்கிவைத்துவிட்டு யோசிக்க மனதுக்கு வரவில்லை.

எனக்கு இதில் மிகவும் பட்டது வேறொரு செய்தி. பத்தியில் உள்ள தகவல்களில் எது முக்கியம் என்றும் அவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். பிரிட்டிஷ் அதிகாரிகள் அடிபட்ட பிறகுதான் எச்சரிக்கை கற்றார்கள் என்று ஒரு வரி இருந்தது. அது எவ்வளவு முக்கியம் என்பது, எந்த முடிவைக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்து மாறியது. முடிவு தெரிந்ததும் மனம் வந்த வழியே திரும்பிப் போய், அந்த முடிவுக்குப் பொருந்துவதையெல்லாம் பொறுக்கி முன்வரிசையில் உட்கார வைத்துவிடுகிறது, பொருந்தாதவை பின்பெஞ்சுக்குப் போய்விடுகின்றன. நம் கூட்டத்தில் அந்தப் பையனின் கைபேசி முன்வரிசைக்கு வந்ததும் 28, 34, 41 என்று ஏறிய மதிப்பெண்கள் பின்னால் போனதும் இப்படித்தான்.

ஃபிஷ்ஹாஃப் ரூத் பெய்த்துடன் சேர்ந்து செய்த இன்னொரு ஆய்வும் அதே ஆண்டில் வந்தது. அமெரிக்க அதிபர் நிக்சன் 1972இல் பீஜிங்குக்கும் மாஸ்கோவுக்கும் போவதற்கு முன், அவர் மாவோவைச் சந்திப்பாரா என்பது போன்ற கேள்விகளுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். பயணம் முடிந்த பிறகு, அன்று நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். நடந்ததாக அவர்கள் நம்பியவற்றுக்கு, முன்பு கொடுத்ததைவிடக் கூடுதல் எண் கொடுத்ததாகவே பலருக்கும் நினைவிருந்தது. சொந்தக் கையால் எழுதிய எண்ணே மறந்து, அதன் இடத்தில் வேறொன்று உட்கார்ந்துவிட்டது. கரும்பலகையில் விடையைத் திருத்தும்போது பழையதைத் துடைத்துவிட்டுத்தானே புதியதை எழுதுகிறோம். துடைத்த பின் முதலில் அங்கே என்ன இருந்தது என்று பலகை காட்டாது.

கிரிக்கெட் பேசாத ஆசிரியர் அறை எங்காவது இருக்கிறதா? அதிலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் இந்த விஷயம் எனக்கு முழுதாகப் புரிந்தது. 2003 மார்ச் 23, ஜோகன்னஸ்பர்க், உலகக் கோப்பை இறுதிப் போட்டி. கங்குலி டாஸ் வென்று ஆஸ்திரேலியாவை ஆடச் சொன்னார். ஜாகீர் கானின் முதல் ஓவரிலேயே 15 ரன். பாண்டிங் 140 அடித்து ஆட்டமிழக்காமல் நிற்க, ஆஸ்திரேலியா 2 விக்கெட்டுக்கு 359. இந்தியா 125 ரன்னில் தோற்றது. இருபது ஆண்டுகளாக அந்த டாஸை நாம் மன்னிக்கவில்லை. “ஃபைனல்ல எவனாவது பௌலிங் எடுப்பானா?” என்பது நம் அறையில் எத்தனையோ முறை கேட்ட கேள்வி.

2023 நவம்பர் 19, அகமதாபாத். மீண்டும் உலகக் கோப்பை இறுதிப் போட்டி, அதே இரண்டு அணிகள். இம்முறை டாஸ் வென்றவர் பேட் கம்மின்ஸ். அவரும் எதிரணியைத்தான் ஆடச் சொன்னார். இந்தியா 240க்கு ஆட்டமிழந்தது, ஆஸ்திரேலியா 43 ஓவரில் 6 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. மறுநாள் ஆசிரியர் அறையில் எல்லோரும் சொன்னது, “கம்மின்ஸ் மூளைக்காரன்யா, பிட்ச்சைப் படிச்சிட்டான்.” ஃபைனலில் எவனாவது பௌலிங் எடுப்பானா என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டு முடிவுகளும் ஒரே காரணத்துக்காக எடுக்கப்பட்டவை அல்ல. ஜோகன்னஸ்பர்கில் மழை பெய்திருந்ததால் ஆடுகளத்தில் ஈரம் இருக்கும், அது தொடர் முழுக்க நன்றாக வீசிய நம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு உதவும் என்பது ஒரு கணக்கு. அகமதாபாதில் களம் வறண்டு மெதுவாக இருந்தது, இரவில் பனி இறங்கினால் இரண்டாவதாக ஆடுவது எளிது என்பது வேறு கணக்கு. ஆனால் 2003இல் கங்குலி முன் என்ன இருந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதே தொடரில் ஒரு மாதம் முன்னால் செஞ்சூரியனில் அதே ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதலில் ஆடிய இந்தியா 125 ரன்னில் சுருண்டிருந்தது. இறுதிப் போட்டியிலும் முதலில் ஆடி, பிரெட் லீ பந்தில் மறுபடியும் சுருண்டிருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? “செஞ்சூரியன்லயே தெரிஞ்சுபோச்சே, பிறகும் எதுக்கு பேட்டிங் எடுத்தாரு?” என்றுதான். அந்த வாக்கியம் நம் வாயில் தயாராகவே இருந்தது, சொல்ல வாய்ப்பு வரவில்லை, அவ்வளவுதான். அகமதாபாதிலும் ஏழு ஓவர் முடிவில் ஆஸ்திரேலியா 47க்கு 3. அந்த நேரத்தில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த யாரும் கம்மின்ஸை மூளைக்காரன் என்று சொல்லவில்லை. டிராவிஸ் ஹெட் நின்று 137 அடித்த பிறகுதான் மதியம் போட்ட டாஸ் அறிவாளித்தனமாக மாறியது.

டாஸ் முடிவு சரியா தவறா என்பதை டாஸ் போடும் நேரத்தில் தெரிந்திருந்ததை வைத்துத்தான் சொல்ல முடியும். மேட்ச் முடிவு அதற்குப் பிறகு வந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் டாஸ் மேல் வைத்தால் நமக்குக் கிடைப்பது கதைதான்.

மறுபடியும் என் பையனுக்கு வருகிறேன். குறிப்பேட்டைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். நகல் வந்ததும் அவனும் நானும் காலியான வகுப்பறையில் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். ஐந்து மதிப்பெண் பகுதியில் வரையறுத்த தொகையிடல் கணக்கு ஒன்று. ஏழு வரி எழுதி, விடையும் வந்து, பிறகு அதன் மேல் குறுக்கே ஒரு கோடு. அடுத்த பக்கத்தில் வேறு முறையில் மறுபடியும் தொடங்கி, பாதியில் குறி மாறி, தவறான விடை. நான் அடித்த பகுதியை வரி வரியாகச் சரிபார்த்தேன். முழுக்கச் சரி. அடித்த விடைக்கு மதிப்பெண் கிடையாது. “ஏன்டா அடிச்ச?” என்றேன். “விடை பின்னமா வந்துச்சு சார். முழு எண்ணா வரும்னு நினைச்சேன்” என்றான்.

32உடன் 5 சேர்த்தால் 37. அந்த ஒரு கோடு விழாமல் இருந்திருந்தால் அவன் பெயரே நம் கூட்டத்தில் வந்திருக்காது. அதே கைபேசி, அதே லாரி ஓட்டுநர் அப்பா, அதே வருகைப் பதிவேடு. இன்னும் ஒன்று செய்தேன். அந்த வருடம் 35க்கும் 40க்கும் நடுவில் தேறியவர்களின் வருகைப் பதிவை எடுத்துப் பார்த்தேன். அவனைவிட அதிக நாள் வராத பையன்கள் அதில் இருந்தார்கள். அவர்களைப் பற்றி நாம் என்ன சொன்னோம் தெரியுமா? “கஷ்டப்பட்ட பையன், கடைசி நேரத்துல பிடிச்சுக்கிட்டான்.” வருகையின்மை தேறாதவனுக்குக் காரணமாயிற்று. தேறியவனுக்கோ அதுவே அவன் தாண்டி வந்த தடையாயிற்று.

இதனால் நேரும் நட்டம் அந்தப் பையனுக்கு இழைத்த அநியாயத்தோடு நிற்பதில்லை. கட்டத்தில் ‘வருகையின்மை, கவனக்குறைவு’ என்று எழுதிய நான் அந்த ஆண்டிலிருந்து எதைக் கற்றிருப்பேன்? ஒன்றும் இல்லை. ஏனென்றால் என் கதையில் நான் எல்லாவற்றையும் முன்பே அறிந்தவன், திருத்திக்கொள்ள வேண்டியது பையனிடம்தான் இருக்கிறது. குறிப்பேடு சொன்ன பாடம் வேறு. நாமே கேள்வித்தாள் எடுத்து நாமே திருத்தும் திருப்புதலில் 41 வாங்குபவன் கரை சேர்ந்துவிட்டான் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஒரு ஐந்து மதிப்பெண் கணக்கில் கை தவறினாலே 41, 36 ஆகிவிடும், இரண்டு தவறினால் 31. அவனைப் பட்டியலிலிருந்து நீக்கியது முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன், அன்று இருந்த எண்கள் ஏறுமுகம்தான். ஆனால் ‘அநேகமாகத் தேறுவான்’ என்பதை ‘தேறுவான்’ என்று எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு 50 தாண்டாத யாரையும் நான் மாலை வகுப்பிலிருந்து விடுவதில்லை. ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்ற நினைப்பிலேயே இருந்திருந்தால் இந்த மாற்றம் வந்தே இருக்காது.

ஆகவே உங்களிடம் கேட்பது இது. மூன்றாம் திருப்புதல் மதிப்பெண் வந்ததும், 50க்குக் கீழே உள்ள ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே உங்கள் பாடத்தில் அவர் தேற எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று ஓர் எண் எழுதுங்கள். தேறுவான், தேற மாட்டான் என்று சொல்லில் எழுத வேண்டாம். ‘டவுட்’ என்று எழுதினால் முடிவு எப்படி வந்தாலும் பொருந்திவிடும். 90, 70, 50, 30 என்று எண்ணாகவே இருக்கட்டும். பக்கத்தில் ஒரே ஒரு வரி காரணம். தேதி போட்டு, கையெழுத்திட்டு, உறையில் ஒட்டித் தலைமை ஆசிரியரின் பீரோவில் வைத்துவிடுங்கள். நானும் எங்கள் பள்ளியில் மூன்று பேரும் இதைச் செய்து வருகிறோம், அரை மணி நேர வேலை.

மே மாதம் கூட்டத்தில் முதலில் உறையைப் பிரிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பேச்சு. இதில் ஓர் எச்சரிக்கை. 70 என்று எழுதிய பையன் தேறவில்லை என்றால் உங்கள் கணிப்பு தப்பு என்று யாரும் சொல்லக் கூடாது. 70 என்று எழுதிய பத்துப் பேரில் மூன்று பேர் தேறாமல் போவதுதான் அந்த எண்ணுக்குப் பொருள். பத்தும் தேறினால் நீங்கள் தேவையில்லாமல் பயந்திருக்கிறீர்கள், ஐந்துதான் தேறினால் அதிகமாக நம்பியிருக்கிறீர்கள். ஒரு வகுப்பை வைத்து இதைச் சொல்ல முடியாது, எண்ணிக்கை போதாது. இரண்டு மூன்று வருட உறைகள் சேர்ந்தால்தான் நம் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியவரும். என் கை நம்பிக்கைப் பக்கம் சாய்கிறது. 90 என்று எழுதியவர்களில் நான் நினைத்ததைவிட அதிகம் பேர் தவறியிருக்கிறார்கள்.

உறை எழுதாத வருடமும் வரும். அப்போது காரணக் கட்டத்தை நிரப்பும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பையன் தேறியிருந்தால் அதற்கு என்ன காரணம் சொல்லியிருப்பேன்? பால் ஸ்லோவிக்கும் ஃபிஷ்ஹாஃபும் 1977இல் இதைப் போன்ற ஒன்றைச் சோதித்தார்கள். முடிவு மாறி வந்திருந்தால் அதை எப்படி விளக்குவீர்கள் என்று யோசிக்க வைத்ததும், நடந்த முடிவு முதலிலிருந்தே நிச்சயம் என்ற எண்ணம் குறைந்தது. முழுதாக மறையவில்லை, குறைந்தது. நான் செய்து பார்த்தவரை, சில பெயர்களுக்கு மறுபக்கக் காரணம் சட்டென்று வந்துவிடுகிறது, ‘திருப்புதலில் ஏறிக்கொண்டே வந்தான்’ என்பதுபோல. அந்தப் பெயர்களுக்கு நேரே ‘எதிர்பார்த்தது’ என்று எழுத எனக்குக் கை வருவதில்லை. வேறு சில பெயர்களுக்கு எவ்வளவு யோசித்தாலும் ஒன்றும் வருவதில்லை. டிசம்பருக்குப் பிறகு பள்ளிப் பக்கமே வராமல் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் விஷயத்தில் நமக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி, தெரிந்தும் ஜனவரியில் யார் வீட்டுக்குப் போனோம் என்பது.

அந்தப் பையன் துணைத்தேர்வு எழுதினான். மூன்று வாரம் மாலை ஐந்து மணிக்கு வந்தான். நான் அவனுக்குப் புதிதாக எதையும் சொல்லித்தரவில்லை. விடை பின்னமாக வந்தால் பயப்படாதே, வகையிட்டுச் சரிபார், அடிக்காதே என்று மட்டும் சொன்னேன். 58 வாங்கினான். செய்தி வந்த அன்று ஆசிரியர் அறையில் அதே வேதியியல் ஆசிரியர், உண்மையான மகிழ்ச்சியோடுதான், என் தோளைத் தட்டிச் சொன்னார்: “கெட்டிக்காரப் பையன் சார் அவன். தேறிடுவான்னு எனக்குத் தெரியும்.”

அவரும் இந்த வருடம் உறை எழுதியிருக்கிறார். இப்போது அது பீரோவில் இருக்கிறது.

அன்புடன்,
ஒரு கணித ஆசிரியர்